பள்ளி கைமாறியது, ஆறு மாதச் சம்பளம் யார் கணக்கில்?

பள்ளி கைமாறும் செய்தி ஆசிரியர்களுக்குத்தான் கடைசியாக வந்து சேரும். முதலில் சம்பளம் தள்ளிப்போகும். "ரெண்டு நாள் பொறுங்க மிஸ்" என்பார் கணக்காளர். பிறகு அறிமுகமில்லாத சிலர் காரில் வந்து வகுப்பறைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் புதிய தாளாளர் மேடையேறி, "இனி நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று பேசுவார். பழைய பாக்கியைப் பற்றிக் கேட்டால், அதைப் பழைய நிர்வாகத்திடம் கேட்கச் சொல்வார். பழைய தாளாளரோ, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒப்படைத்தேன் என்பார்.

இந்த இரண்டு பதில்களுக்கு நடுவில் நிற்கும் ஆசிரியர் எழுதும் கடிதம் பெரும்பாலும் மனுவாகத்தான் இருக்கிறது. குடும்பக் கஷ்டம், வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம் அதில் இருக்கும். எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு, அதை யார் தர வேண்டும் என்பது இருக்காது. அது இல்லாத கடிதம் பின்னாளில் எந்த அலுவலகத்திலும் பெரிதாக உதவுவதில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வருவதால் அங்கே கதை வேறு. இங்கே பேசுவது தமிழ்நாட்டின் சுயநிதிப் பள்ளிகளை, அதாவது மெட்ரிக், நர்சரி, சி.பி.எஸ்.இ. பள்ளிகளை.

முதலில், கைமாறியது எது என்று பார்க்க வேண்டும். பள்ளியை ஒரு கடையைப் போல விற்றுவிட முடியாது. ஒரு அறக்கட்டளையோ, பதிவு செய்த சங்கமோ, லாப நோக்கமில்லாத நிறுவனமோதான் அதை நடத்துகிறது. அரசின் தாள்களில் அதற்குக் 'கல்வி முகமை' என்று பெயர். நடைமுறையில் கைமாற்றம் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, அறக்கட்டளை அப்படியே இருக்கும். பழைய அறங்காவலர்கள் விலகிப் புதியவர்கள் உள்ளே வருவார்கள். ஊர் இதைப் 'பள்ளிக்கூடத்தை வாங்கிட்டாங்க' என்று சொல்லும். ஆனால் சட்டத்தின் கண்ணில் முதலாளி மாறவே இல்லை. நேற்றுவரை கடன்பட்டிருந்த அதே அறக்கட்டளை இன்றும் கடன்பட்டிருக்கிறது. அறங்காவலர் முகம் மாறியதைக் காட்டிப் பழைய பாக்கியைத் தட்டிக்கழிக்க முடியாது.

மற்றொன்று, பள்ளியே ஒரு அறக்கட்டளையிடமிருந்து வேறொரு அறக்கட்டளைக்குப் போவது. இங்கேதான் சிக்கல். இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட தேதி வரையிலான பாக்கிகள் பழையவரைச் சேரும், அதன் பின் வருபவை புதியவரைச் சேரும் என்று ஒரு வரி இருப்பது வழக்கம். புதிய தாளாளர் கைநீட்டிக் காட்டுவது அந்த வரியைத்தான். அது அவர்கள் இருவரையும் கட்டுப்படுத்தும். அதில் கையெழுத்திடாத ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது. பழையவரின் கடன் அதனால் தீர்ந்துவிடுவதும் இல்லை. பள்ளியை மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் சேர்த்து, ஒருநாள்கூட மூடாமல் எடுத்து நடத்துபவர் பழைய சம்பளப் பாக்கிக்கும் பொறுப்பாவாரா என்பது அந்தந்த ஏற்பாட்டைப் பொறுத்து நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய விஷயம். அதை முன்கூட்டியே தீர்மானித்து ஒருவரை விட்டுவிட ஆசிரியருக்கு அவசியமில்லை. ஆகவே கடிதம் இருவருக்கும் போக வேண்டும்.

எந்த விதமான கைமாற்றம் நடந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளியின் பெயர்ப் பலகை உதவாது. சம்பளம் எந்தப் பெயரிலுள்ள கணக்கிலிருந்து வந்தது என்பதை வங்கிப் புத்தகம் காட்டும். பி.எஃப். பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். உங்கள் யு.ஏ.என். எண்ணின் கீழ் திடீரென்று புதிய உறுப்பினர் எண்ணும் புதிய பணிச்சேர்வுத் தேதியும் முளைத்திருந்தால், பள்ளி வேறு அறக்கட்டளைக்குப் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். இன்னொரு வழி, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது. நிர்வாக மாற்றம் குறித்துப் பள்ளி கொடுத்த விண்ணப்பமும், துறை பிறப்பித்த ஆணையும் அங்கே இருக்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்படி விண்ணப்பமே வரவில்லை என்று பதில் வந்தாலும் அதுவும் பயன்படும் பதில்தான்.

ஒரு ஆசிரியையை வைத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது பல இடங்களில் நடப்பதைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்ட உதாரணம். எட்டு ஆண்டுகளாக ஒரே பள்ளியில் கணக்கு எடுக்கிறார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 விழுக்காடாக 1,800 ரூபாய் பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு 16,200 வரும். பள்ளி ஆகஸ்ட் 1 அன்று வேறொரு அறக்கட்டளையிடம் போகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதச் சம்பளம் வரவில்லை. ஆகஸ்டில் புதிய நிர்வாகம் அவர் கணக்கில் 8,000 ரூபாய் போட்டது. வங்கிக் குறிப்பில் 'அட்வான்ஸ்' என்று இருக்கிறது. செப்டம்பருக்கு ஒன்றும் இல்லை.

ஆக, ஆகஸ்ட் 1-க்கு முந்தைய பாக்கி 64,800. பிந்தைய பாக்கி, ஆகஸ்டுக்கு 8,200, செப்டம்பருக்கு 16,200, ஆக 24,400. மொத்தம் 89,200 ரூபாய். கடிதத்தின் உயிர் இந்தப் பிரிவினையில் இருக்கிறது. வெறுமனே 89,200 என்று எழுதினால் புதியவர் மொத்தத்தையும் மறுத்துவிடலாம். பிரித்து எழுதினால் 24,400-ஐ மறுக்க அவருக்கு வாயே இருக்காது. அவர் காலத்தில், அவர் பள்ளியில், அவர் வாங்கிய கட்டணத்துக்குச் செய்த வேலை அது.

அந்த 8,000 ரூபாயையும் சும்மா விடக் கூடாது. அட்வான்ஸ் என்ற குறிப்பு அப்படியே நின்றால், பிறகு அது கடனாகக் கொடுத்தது என்று பேச்சு மாறலாம். பணம் கொடுத்தவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லாமல் கொடுத்தால், வாங்கியவர் தனக்கு வர வேண்டிய எந்தப் பாக்கிக்கும் அதை வரவு வைத்துக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம். நம் ஆசிரியை அதை ஆகஸ்ட் சம்பளத்தின் ஒரு பகுதியாக வரவு வைத்ததாகக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும். புதிய அறக்கட்டளை தன் கணக்கிலிருந்து அவருக்குப் பணம் அனுப்பியிருப்பதே, அவரைத் தன் ஊழியராக ஏற்றதற்கான சான்றும் ஆகிறது.

மே மாதம் தனிச் சண்டை. பல பள்ளிகள் ஜூன் முதல் ஏப்ரல் வரைதான் சம்பளம் என்று சொல்லும். நியமன ஆணையில் அப்படி இருக்கிறதா, கடந்த ஆண்டுகளில் மே மாதம் வங்கியில் பணம் ஏறியதா என்று பார்த்து, ஏறியிருந்தால் அந்த வங்கி வரிகளை இணைக்க வேண்டும். நியமன ஆணையே தராத பள்ளிகள் நிறைய உண்டு. அங்கே வங்கிப் பரிவர்த்தனை, பி.எஃப். பாஸ்புக், தேர்வுப் பணி ஆணை, கையெழுத்திட்ட வருகைப் பதிவேட்டுப் பக்கத்தின் படம் ஆகியவைதான் நியமன ஆணையின் இடத்தில் நிற்கும். கைமாறும் வேளையில் அலுவலக அலமாரிகள் காலியாகும். பழைய பதிவேடுகள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. படமெடுப்பதை முதல் வேலையாகச் செய்துவிடுவது நல்லது.

கடிதம் இப்படி அமையலாம்:

"பெறுநர்: 1. தலைவர், (பழைய) அறக்கட்டளை. 2. தாளாளர், (புதிய) அறக்கட்டளை.

பொருள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சம்பள நிலுவை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இப்பள்ளியில் எட்டு ஆண்டுகளாகக் கணித ஆசிரியையாகத் தொடர்ந்து பணியாற்றி வருகிறேன். இன்றும் பணியில் இருக்கிறேன். ஆகஸ்ட் 1 அன்று பள்ளியின் நிர்வாகம் மாறியதாக வாய்மொழியாக அறிவிக்கப்பட்டது. எழுத்து மூலம் எனக்கு எந்த அறிவிப்பும் தரப்படவில்லை.

ஏப்ரல், மே, ஜூன், ஜூலை மாதங்களுக்குப் பிடித்தம் போக எனக்கு வர வேண்டியது 64,800 ரூபாய். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களுக்கு வர வேண்டியது 24,400 ரூபாய். ஆகஸ்டில் என் கணக்குக்கு வந்த 8,000 ரூபாயை அம்மாதச் சம்பளத்தில் வரவு வைத்தே இத்தொகையைக் குறித்துள்ளேன். மாதவாரிக் கணக்கு இணைப்பில் உள்ளது.

பிப்ரவரி, மார்ச் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்பட்ட பி.எஃப். தொகை என் கணக்கில் செலுத்தப்படவில்லை. அதன் பிந்தைய மாதங்களுக்கும் செலுத்தப்படவில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்கண்ட தொகையைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், இக்கடிதம் கிடைத்த நாள் முதல் வங்கி வைப்புகளுக்கான வட்டி வீதத்தில் வட்டியும் கோருவேன். தொகையில் மாறுபாடு இருந்தால் தங்கள் பதிவேட்டின்படியான கணக்கை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

என் பணித்தொடர்ச்சியை நான் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்."

மதிப்பில் குறைவில்லை, சூடும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. வட்டியைப் பற்றிய வரி எதற்கு? 1978-ம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தத்தில் தேதி குறித்த கடன் என்றால் அந்தத் தேதியிலிருந்தே நீதிமன்றம் வட்டி தரலாம். அப்படி எழுத்து இல்லாத இடத்தில், வட்டி கேட்பேன் என்று எழுத்தில் அறிவித்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். நியமன ஆணை இல்லாதவருக்கு இந்த ஒரு வரி பணமாகும்.

'மாறுபாடு இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்' என்ற வரி அதைவிடக் கூர்மையானது. சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போட, அந்தச் சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் கெடு. ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. ஏப்ரல் பாக்கி முதலில் காலாவதியாகும், செப்டம்பர் பாக்கி கடைசியில். ஆசிரியர் எத்தனை கடிதம் எழுதினாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. இது பலருக்குத் தெரிவதில்லை. நிர்வாகம் கையெழுத்திட்டு, ஆம், இவ்வளவு பாக்கி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். கெடு முடிவதற்குள் அந்த ஒப்புதல் வந்திருக்க வேண்டும். 'நிலைமை சரியில்லை, தவணை தவணையாகத் தருகிறோம்' என்று லெட்டர்பேடில் வரும் பதில், எரிச்சலூட்டினாலும், பத்திரமாக எடுத்து வைக்க வேண்டிய தாள். வாட்ஸ்அப் குழுவில் 'அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் எல்லாம் கிளியர்' என்று போட்ட செய்தியும் உதவலாம். ஆனால் அது கையெழுத்திட்ட ஒப்புதல் ஆகுமா என்று வாதம் வரும். அதற்காக அதை அழித்துவிடக் கூடாது. அந்தப் போனையும் மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். தர மாட்டார்கள், அப்போது தபால்தான் வழி. பழைய பதிவுத் தபால் சேவை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு வசதியையும் சேர்ப்புச் சான்றையும் கேட்டு அனுப்ப வேண்டும். 'வாங்க மறுத்தார்' என்று உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமலே வைத்திருக்க வேண்டும். சரியான முகவரிக்கு அனுப்பி மறுக்கப்பட்ட கடிதத்தைச் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

பயமும் இருக்கிறது. தனியாகக் கையெழுத்துப் போட்டால் அடுத்த நாள் வேலை இருக்குமா? இதற்குப் பல ஆசிரியர்கள் கண்ட வழி, எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுப்பது. அது நல்ல கவசம்தான். ஆனால் கடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஆகவே கூட்டுக் கடிதத்தோடு பெயர், பதவி, மாதம், தொகை, கையெழுத்து என்று ஓர் அட்டவணையை இணைக்க வேண்டும். கோபத்தில் வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவது மட்டும் வேண்டாம். பணியைக் கைவிட்டார் என்று எழுதிக்கொள்ள நிர்வாகத்துக்கு அது நாமே எடுத்துக் கொடுக்கும் பேனா.

கடிதம் போன பிறகு வரும் பதில்களில் மிகவும் ஆபத்தானது மறுப்பு அல்ல, இனிப்பான பதில். "பழைய டிரஸ்ட்டுக்கு ஒரு ராஜினாமா எழுதிக் கொடுங்க மிஸ், நாங்க புதுசா ஆர்டர் தர்றோம், எல்லாம் ஃபார்மாலிட்டிதான்." கூடவே ஒரு தாள் வரும்: பழைய நிர்வாகத்திடமிருந்து எனக்கு எந்த நிலுவையும் இல்லை. இந்த இரண்டு கையெழுத்துகளில் 64,800 ரூபாய் போய்விடும். அதோடு போகும் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பணிக்கொடை. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கணக்கிட்டு. நம் ஆசிரியைக்கு 15,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் எட்டு ஆண்டாலும் பெருக்கினால் ஏறக்குறைய 69,230 ரூபாய். ராஜினாமா கொடுத்தால் அதைப் பழைய அறக்கட்டளையிடம் உடனே கேட்டு வாங்கியாக வேண்டும். புதிய இடத்தில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று ஆண்டு முடித்த இளம் ஆசிரியர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே மூன்று, இங்கே மூன்று என்று ஆறு ஆண்டு உழைத்தும் இரண்டு இடத்திலும் ஐந்து ஆகாது.

இந்தப் பணிக்கொடை உரிமையும் சும்மா வந்ததில்லை. சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்கு இருந்த விளக்கத்தில் ஆசிரியர் அடங்க மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்தும்படி ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது.

அதே போன்ற ஒரு தடைதான் தொழிலாளர் அலுவலகத்தின் வாசலிலும் நிற்கிறது. ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் 'தொழிலாளி' அல்ல என்று 1988-ல், கோவா ஆசிரியை ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளப் பாக்கி என்றதும் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று யாராவது சொன்னால், இதைத் தெரிந்துகொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரச் சொல்கிறது. அதில் ஊழியர் என்ற வரையறையும் முன்பைவிட அகலம். ஆனால் 2004 வழக்கில் இடறிய சொற்களின் சாயல் அந்த வரையறையிலும் இருக்கிறது. அதை ஒரு கூடுதல் வாதமாக வைக்கலாம். அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதினைந்து நாள் கழிந்தும் பதில் இல்லை என்றால் எளிதாகத் திறக்கும் கதவு பி.எஃப். அலுவலகம். நம் ஆசிரியைக்குப் பிப்ரவரி, மார்ச் சம்பளம் வந்தது, பிடித்தமும் நடந்தது, ஆனால் பணம் கட்டப்படவில்லை. அவர் பங்கு 3,600, நிர்வாகத்தின் பங்கு 3,600. ஊழியரிடம் பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடி என்ற குற்றத்துக்குள் வரும். நிறுவனம் கைமாறினால், மாறிய தேதி வரையிலான பி.எஃப். நிலுவைக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு. புதியவரின் பொறுப்பு அவருக்குக் கிடைத்த சொத்தின் மதிப்பு வரை. சம்பளத்தில் வாதிட வேண்டியிருக்கும் விஷயம் பி.எஃப்.பில் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். அதிகாரி விசாரித்து நிலுவையை நிர்ணயித்து, கட்டாவிட்டால் வங்கிக் கணக்கை முடக்கும் அளவுக்குப் போகலாம். அவர் சம்பளத்தை வாங்கித் தர மாட்டார். ஆனால் விசாரணைக்காகச் சம்பளப் பதிவேட்டை மேசைக்கு வரவழைப்பார். அதில் நம் பெயரும் தொகையும் இருந்தால் அதன்பிறகு மறுப்பது கடினம்.

இணையாக, கடிதத்தின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுக்க வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளியானால் வாரியத்துக்கும் அனுப்பலாம். வாரியத்தின் இணைப்பு விதிகளின்படி அதன் அனுமதியில்லாமல் பள்ளியை வேறொரு அமைப்புக்கு மாற்றக் கூடாது. கல்வி அலுவலர் தன் கையால் சம்பளம் எடுத்துத் தர முடியாது. ஆனால் பள்ளிக்கு அங்கீகாரப் புதுப்பிப்புக்கு அவர் கையெழுத்து தேவைப்படுகிறது. மனு மீது அவர் ஒன்றும் செய்யாவிட்டால், பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் பள்ளிக்கும் ஆசிரியருக்கும் இடையிலான வெறும் பணி ஒப்பந்தத் தகராறில் ரிட் மனு செல்லாது என்ற 2022-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதால், நேரடியாகப் பள்ளியின் மேல் ரிட் போடுவதைவிட இது நடக்கக்கூடிய வழி.

பணத்தை முழுதாக வசூலிக்க உரிமையியல் நீதிமன்றம்தான். இரு அறக்கட்டளைகளையும் பிரதிவாதிகளாகச் சேர்த்து வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 விழுக்காடு. 89,200 ரூபாய்க்கு ஏறக்குறைய 2,676. ஆறு மாதம் சம்பளம் வராதவருக்கு அதுவும் பாரம்தான். ஆனால் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, நீதிமன்றக் கட்டணம் உட்பட. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால், வழக்குக்கு முன்பே இரு நிர்வாகங்களையும் அழைத்துப் பேசவும் செய்வார்கள். அங்கே லோக் அதாலத்தில் ஆகும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் பலம் உண்டு. தவணையில் தர ஒப்புக்கொண்டாலும் ஒவ்வொரு தவணைக்கும் தேதியும், தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கும்படி கேட்டு எழுத வைக்க வேண்டும்.

வேலையில் சேரும்போது ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள் பழைய அலமாரியிலேயே கிடந்தால், அவற்றைத் தனிக் கடிதத்தில் கேட்பது நல்லது. சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பளக் கடிதத்தோடு இதைச் சேர்த்துவிட்டால், சான்றிதழைத் தருகிறோம், அந்தப் பாக்கியை விட்டுவிடுங்கள் என்று பேரம் தொடங்கிவிடும்.